மொரீசியசில் கல்யாணப் பந்தி: பக்கத்து இலைக்காரரிடம் "போன்ஸூர்" சொல்வதிலிருந்து விடைபெறுவது வரை

மொரீசியசுக்கு வேலைக்கு வந்த நான்காவது மாதம் அலுவலக நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை தமிழர், பெண் தமிழர், மண்டபத்தில் வாழைமரம், நாதஸ்வரம். நம்ம ஊர்தானே என்று தைரியமாகப் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாவிடம், "வணக்கம்மா, நீங்க பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டேன். அவர் கைகூப்பி "வணக்கம்" என்றார். சிரித்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் பேசிய ஒரு சொல்லும் அவருக்குப் புரியவில்லை. இருபது நிமிடம் இரண்டு பேரும் இலையைப் பார்த்தே சாப்பிட்டோம்.

இங்குள்ள தமிழர் பலருக்குத் தமிழ் கோயில் மொழி, பள்ளியில் படித்த மொழி. வீட்டிலும் தெருவிலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி. எனவே பந்தியில் உங்களைக் காப்பாற்றப் போவது ஏறத்தாழ இருபது கிரியோல் வாக்கியங்கள். அவற்றை எந்த வரிசையில், எப்போது சொல்வது, எங்கே வழுக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

படிக்கும் முன் உச்சரிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "போன்ஸூர்" என்பதில் ப-வை "பஸ்" என்பதில் வருவது போலச் சொல்லுங்கள்; அதில் வரும் ஸ வண்டு ரீங்காரம் போல அதிர வேண்டும். "கார்சோன்" என்பதில் க-வை "கவர்மென்ட்" க போலச் சொல்ல வேண்டும். சொல்லின் கடைசியில் வரும் ன் பெரும்பாலும் முழுதாக வராது, மூக்கோடு நின்றுவிடும். மற்றதை அங்கே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

1. கிளம்பும் முன்: அழைப்பிதழ், உறை, நேரம்

அழைப்பிதழைத் தூக்கிப் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டிருக்கும். அதில் மூன்று விஷயம் பாருங்கள்: அழைப்பது யாருடைய பெற்றோர், உங்களை அழைத்திருப்பது முகூர்த்தத்துக்கா மாலை வரவேற்புக்கா, உங்கள் பெயரோடு குடும்பத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா. முதல் விஷயம் பந்தியில் நேரடியாக உதவும். "நீங்கள் யார் வீட்டுப் பக்கம்?" என்பதுதான் உங்களிடம் வரப்போகும் இரண்டாவது கேள்வி. இரு வீட்டாரின் பெயரையும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பழகுங்கள். அந்த மண்டபத்தில் நான் மாப்பிள்ளையின் குடும்பப் பெயரைத் தப்பாகச் சொல்லி, எதிரே இருந்த தாத்தா என்னை மூன்று முறை திருத்தினார்.

மொய் உறையில்தான் போகிறது. உறையின் மேல் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். வீட்டில் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு உங்கள் முகம் நினைவிருக்காது. எவ்வளவு என்று அலுவலகத்தில் கேட்டதற்கு, தனி ஆளுக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரம் ரூபாய் போதும் என்றார்கள். நான் ஆயிரம் வைத்தேன். இந்த ஊர் ரூபாய்தான், இந்திய ரூபாய் இல்லை. உறைக்குள் வைக்கும் முன் நோட்டை ஒரு முறை பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும். நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் படம் ரெங்கநாதன் சீனிவாசன், இந்த நாட்டுத் தமிழ் அரசியல்வாதி. பேச்சு நின்றுபோனால் எடுத்துவிட இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

நேரத்துக்கு வருவோம். முகூர்த்தம் ஒன்பதரை என்றால் சாப்பாடு பதினொன்றரை, பன்னிரண்டுக்கு ஆரம்பிக்கும் என்று கணக்குப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பேருந்து குறைவு. ரோஸ் ஹில், காத்ர் போர்ன், கியூர்ப்பிப் வழியில் மண்டபம் இருந்தால் மெட்ரோவில் போய்விடலாம். தெற்குப் பக்கம் கிராமத்தில் மாலை வரவேற்பு என்றால், திரும்பி வர வாகனத்தைப் போகும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு பேருந்தை நம்பினால், பந்தியில் பேச்சு சூடுபிடிக்கிற நேரத்தில் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

2. உட்காரும் முன் ஒரு கேள்வி, உட்கார்ந்ததும் ஒரு வணக்கம்

நீள மேசை, மேலே காகித விரிப்பு, அதன் மேல் இலை. நாற்காலி காலியாக இருக்கிறதே என்று போய் உட்காராதீர்கள். யாராவது கைப்பையை வைத்துவிட்டுக் குழந்தையைத் தேடிப் போயிருப்பார். பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்:

"ஏனா திமூன் இசி?" (இங்கே ஆள் இருக்கா?)

"நோன், ஆஸிஸே, ஆஸிஸே." (இல்லை, உட்காருங்க.)

இந்தச் சின்னக் கேள்விதான் உண்மையில் அறிமுகம். அவர் பதில் சொன்னதும் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து "போன்ஸூர்" சொல்லுங்கள். மாலையாகிவிட்டால் "போன்ஸ்வார்". தமிழ்க் கல்யாணத்தில் "வணக்கம்" என்பதும் நன்றாகச் செல்லும், ஆனால் ஒரு எச்சரிக்கை: வணக்கம் சொன்னதும் தமிழைக் கொட்டிவிடாதீர்கள். நான் செய்த தப்பு அதுதான். "வணக்கம்" என்று பதில் வந்தால் அவருக்குத் தமிழ் தெரியும் என்று பொருள் இல்லை. நான் இப்போது இரண்டையும் சேர்த்து, "வணக்கம், போன்ஸூர்" என்கிறேன். எந்த மொழியில் போகலாம் என்பதை அவர் தேர்ந்துகொள்வார்.

"சலாம்" என்று யாரோ சொல்வதைக் கேட்டு அதையும் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். இங்கே அது பெரும்பாலும் விடைபெறும்போது சொல்வது. உட்கார்ந்ததும் சலாம் என்றால், வந்ததும் கிளம்புகிறாரே என்று பார்ப்பார்கள்.

பெண்கள் தெரிந்தவர்களைக் கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்பதைப் பார்ப்பீர்கள். பார்த்துப் பதறவும் வேண்டாம், நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம். அறிமுகம் இல்லாதவரிடம் தலையசைத்து ஒரு புன்னகை போதும்.

3. "ஊ" சொல்லுங்கள், "தோ" வேண்டாம்

இதுதான் பெரிய பொறி. கிரியோலில் "நீங்கள்" என்பதற்கு "ஊ", "நீ" என்பதற்கு "தோ". கூட வேலை செய்கிற பையன்களிடம் கிரியோல் கற்றுக்கொண்டதால் என் வாயில் "தோ" மட்டுமே இருந்தது. இரண்டாவது கல்யாணத்தில் ஒரு பெரியவரிடம் "கி மான்யேர் தோ?" என்று கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை, ஆனால் பதில் "ப்யேன்" என்று ஒரு சொல்லோடு நின்றது. பக்கத்தில் இருந்த அவர் பேரன்தான் என் காதில் விளக்கினான்.

பந்தியில் சொல்ல வேண்டியது இது:

"கி மான்யேர்?" (எப்படி இருக்கீங்க?)

"மோ ப்யேன், மெர்சி. ஏ ஊ?" (நல்லா இருக்கேன், நன்றி. நீங்க?)

"கூமா ஊ ஆப்பெலே?" (உங்க பேர் என்ன?)

"மோ ஆப்பேல்…" என்று உங்கள் பெயர்.

வயதானவர்களை "தொந்தோன்" (மாமா, பெரியப்பா போல), "தாந்தின்" (அத்தை, சித்தி போல) என்று அழைப்பதைக் கேட்பீர்கள். ஆரம்பத்திலேயே அழைக்க வேண்டாம், இரண்டாம் சுற்றுக் கறிக்குப் பிறகு அது தானாக வரும். உங்கள் வயதுக்காரர் தானாக "தோ" போட்டால் மட்டும் நீங்களும் மாறுங்கள்.

பெயரைப் பற்றி இன்னொன்று. முத்துசாமி, வீராசாமி, பிள்ளை என்றெல்லாம் குடும்பப் பெயர் வரும். முன்னோர் ஒருவரின் பெயர் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது என்பதே பெரும்பாலும். "பிள்ளை" என்று கேட்டதும் ஊரில் செய்வது போல மனதுக்குள் சாதிக் கணக்குப் போட்டு, அதை வாய்விட்டுக் கேட்டுவிடாதீர்கள்.

4. இரண்டாவது கேள்வி: எந்தப் பக்கம்?

"ஊ கோத்தே கார்சோன் ஊஸ்வா கோத்தே திஃபி?" (நீங்க மாப்பிள்ளை பக்கமா, பெண் பக்கமா?)

நீங்கள் கேட்காவிட்டாலும் அவர் கேட்பார். உங்கள் பதிலை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிடுங்கள். என்னுடையது:

"மோ த்ராவாய் ஆன்சாம் ஆர் கார்சோன்-லா." (மாப்பிள்ளையோடு சேர்ந்து வேலை செய்கிறேன்.)

இதற்கு அடுத்தது உங்கள் முகத்தையும் உச்சரிப்பையும் பார்த்து வரும்: "ஊ சோர்தி லேன்த்?" (இந்தியாவிலிருந்தா?) "வீ, தமிழ்நாடு" என்று சொன்னால் போதும். அடுத்து வீடு எங்கே என்று கேட்கலாம்: "கோத் ஊ ரெஸ்தே?" "மோ ரெஸ் ரோஸில்." ரோஸ் ஹில்லை இப்படித்தான் சொல்கிறார்கள்; முழுசாக ஆங்கிலத்தில் சொன்னாலும் புரியும்.

எல்லாம் வேகமாக வரும். வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "மோ பெ ஆப்ரான் க்ரெயோல். கோஸ் தூஸ்மான், சில்வூப்ளே." கிரியோல் படித்துக்கொண்டிருக்கிறேன், மெதுவாகப் பேசுங்கள். இந்த ஒரு வாக்கியம் வந்த பிறகு மேசையே உங்கள் ஆசிரியராகிவிடும். எதிரே இருப்பவர் கத்திரிக்காயைத் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுப்பார்.

இங்கே ஒரு பொறி. "ஊ ஆந்தூ?" (நீங்க இந்துவா?) என்று கேட்காதீர்கள். நம் கணக்கில் தமிழர், தெலுங்கர், வட இந்தியர் எல்லாரும் இந்து. இங்கே பேச்சு வழக்கில் அந்தச் சொல் பெரும்பாலும் வட இந்திய வழியினரைக் குறிக்கும். தமிழர் தங்களைத் "தமூல்" என்றே சொல்வார்கள். சிலருக்கு இது உணர்ச்சிகரமான விஷயம். இன்னும் ஒன்று, பந்தியில் பக்கத்தில் இருப்பவர் தமிழராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்து கிரியோல் இன, சீன, முஸ்லிம் குடும்பங்களும் வந்திருப்பார்கள், விருந்தில் வரும் ஏழு கறியின் வரிசையை உங்களைவிட நன்றாகவும் அறிந்திருப்பார்கள்.

5. சாப்பாடே பேச்சு

இதற்குத்தான் கூடுதல் இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் இங்கேதான் பேச்சு ஓடும். தமிழ்க் கல்யாண விருந்துக்கு "செத் காரி" என்று பெயர், ஏழு கறி. இலையில், கையால் சாப்பாடு. கறி என்றதும் நம்மில் பலருக்கு ஆட்டுக்கறி நினைவு வரும். இங்கே அது சைவம். "கறி எங்கே?" என்று நான் கேட்டது இன்னும் அலுவலகத்தில் நகைச்சுவையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பரிமாறுபவர் வாளியோடு வரும்போது பக்கத்தில் கேளுங்கள்: "கி காரி சா?" (இது என்ன கறி?) வாழைக்காய் என்றால் "காரி பானான்", பலாக்காய் என்றால் "காரி ஸாக்". பூசணி, கத்திரிக்காய், பருப்பு, கீரை என்று வீட்டுக்கு வீடு மாறும். இந்தக் கேள்விக்கு யாரும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னதில்லை. இந்த வீட்டுச் சமையல்காரர் யார், போன வாரம் சாப்பிட்டதில் உப்பு எப்படி, தன் அம்மா எப்படிச் செய்வார் என்று விரியும்.

அப்புறம் உங்கள் துருப்புச் சீட்டு. கிரியோலில் கறிவேப்பிலை "காரிப்பூலே", கொத்தமல்லி "கோத்தோமிலி", முருங்கைக்கீரை "ப்ரேத் மூரூம்", ரசம் "ராசோன்". இலையில் கறிவேப்பிலையைத் தொட்டுக் காட்டி "தமிழ்ல கறிவேப்பிலை" என்று மெதுவாகச் சொல்லுங்கள். மூன்றாவது கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாந்தினிடம் இதைச் செய்தேன். அவர் கேட்டுவிட்டுத் தன் பக்கத்தில் இருந்த தங்கையைத் தட்டி, "ஏகூத், ஏகூத்!" (கேளு, கேளு) என்றார். பிறகு இருவரும் வீட்டில் பாட்டி சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, இது தமிழா என்று என்னைக் கேட்டார்கள். சில தமிழ், சில இல்லை. ராசோன் வந்தபோது "ரசம்" என்றேன். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு மூவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம், எதற்கு என்று இன்றும் தெரியாது.

இலையை நிரப்பிக்கொண்டே போவார்கள். நிறுத்த மூன்று படி: "என் திகித்" (கொஞ்சம்), "ஆஸே, மெர்சி" (போதும், நன்றி), கடைசியில் "மோ ஃபின் ப்யேன் மான்ஸே" (வயிறார சாப்பிட்டேன்). கையை இலைக்கு மேல் குடையாகப் பிடிப்பது இங்கும் செல்லுபடியாகும். நன்றாக இருந்தால் "ப்யேன் போன்" என்று சொல்லுங்கள். நண்பர்களிடம் கேட்ட "மாரி போன்" என்பதைப் பெரியவரிடம் சொல்ல வேண்டாம். அது நம்ம ஊர் "செம" மாதிரி.

ஒரு நடைமுறை: உங்கள் பின்னால் அடுத்த பந்திக்கு ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். மொத்தம் இருபது முப்பது நிமிடம்தான். இனிப்பு வந்துவிட்டால் புதுப் பேச்சு எடுக்காதீர்கள்.

6. பூர்வீகம்: கேட்டால் மட்டும்

"மோ க்ரான்-க்ரான்பேர் தி சோர்தி லாபா." என் கொள்ளுத் தாத்தா அங்கிருந்து வந்தவர். தமிழ்நாடு என்று சொன்ன பிறகு இந்த வாக்கியம் ஏறக்குறைய நிச்சயம் வரும். "எந்த ஊர்?" என்று உடனே குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். பலருக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்ல நேர்வது அவர்களுக்குச் சங்கடம். "ஆ, வீ?" என்று கேட்டுக்கொண்டு விடுங்கள், தெரிந்தவர் தானாகச் சொல்வார்.

என் தாந்தின் ஒருபடி மேலே போனார். ஊர் பெயரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்றார். நான் வேகத்தில் "கண்டிப்பா" என்றேன், அதுவே தப்பு. ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் குடியேற்றப் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அதில் பெயர், அப்பா பெயர், வயது, கப்பல், பூர்வீக ஊர் என்ற விவரங்கள் வரும். ஆனால் தேடுவதற்கு வந்தவரின் பெயரும் ஏறத்தாழ வந்த ஆண்டும், கிடைத்தால் குடியேற்ற எண்ணும் வேண்டும். வீட்டில் உள்ள பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போய்த்தான் அந்தப் பெயரை எட்ட முடியும். ஒப்பந்தத்துக்கு முன்பே கைவினைஞராகவும் வியாபாரியாகவும் வந்தவர்களின் வாரிசு என்றால் அந்தப் பதிவில் இருக்கவே மாட்டார். ஆகவே பந்தியில் வாக்குக் கொடுக்காதீர்கள். "மோக்காவில் பதிவு இருக்கிறது, முதலில் வீட்டுச் சான்றிதழ்களைத் தேடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

7. விடைபெறுதல்

எழுந்திருக்கும்போது ஒரே வாக்கியம்: "கோந்தான் ஃபின் ஸ்வேன் ஊ." உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. இப்போது "சலாம்" சொல்லலாம், மரியாதை கூடுதலாக வேண்டுமானால் "ஓரெவ்வார்". இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்ற குழப்பம் இருந்தால் பக்கத்தில் இருக்கும் பெரியவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

"வின் லாகாஸ் என் ஸூர்" (ஒரு நாள் வீட்டுக்கு வாங்க) என்று சொல்வார்கள். நம்ம ஊர் "வீட்டுக்கு வாங்க" போலத்தான் இதுவும். நாளும் தொலைபேசி எண்ணும் வந்தால்தான் அழைப்பு. நான் முதல் முறை அடுத்த ஞாயிறே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நல்ல வேளை போகவில்லை. தாந்தின் விஷயம் வேறு. கைக்குட்டையில் கையைத் துடைத்துவிட்டு, என் கைப்பேசியை வாங்கி, தன் எண்ணைத் தானே தட்டினார். தைப்பூசக் காவடி அன்று விடுமுறை, காலையில் கோயில், மதியம் அவர் வீட்டில் ஏழு கறி. வரும்போது ஊரிலிருந்து கொண்டுவந்த புளி இருந்தால் கொஞ்சம் எடுத்து வா என்றார். அதை அவர் "தோ" போட்டுத்தான் சொன்னார்.